பேத்திக்கும் பாட்டிக்கும் ஒரே கேள்வித்தாளா?

வீடு வீடாகப் போய் எடுக்கும் உணவு ஆய்வுகளில் இந்த மாதிரி ஒரு கேள்வியை அடிக்கடி பார்க்கிறேன்: “கடந்த 30 நாட்களில் உங்கள் உணவில் கீரை, பருப்பு, முட்டை ஆகியவை போதுமான அளவில் இடம்பெற்றன எனக் கருதுகிறீர்களா?” அதன் கீழே ‘முற்றிலும் ஒப்புக்கொள்கிறேன்’ என்பதில் தொடங்கி ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரை ஐந்து பதில்கள். இதே கேள்வியை ஒரே வீட்டில் எட்டு வயதுப் பேத்தியிடமும் எழுபத்தைந்து வயதுப் பாட்டியிடமும் கேட்கச் சொல்வார்கள். இருவருமே பதில் சொல்லிவிடுவார்கள், ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. கேள்வி புரியவில்லை என்றால் பதில் வராது என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம், ஆனால் களத்தில் அப்படி நடப்பதில்லை.

முதலில் குழந்தைகளைப் பார்ப்போம். 1980-இல் மார்ட்டின் ஹியூஸ், ராபர்ட் கிரீவ் என்ற இரு ஆய்வாளர்கள் ஐந்து வயது, ஏழு வயதுக் குழந்தைகளிடம் வேண்டுமென்றே அர்த்தமற்ற கேள்விகளைக் கேட்டார்கள். “பால் தண்ணீரைவிடப் பெரியதா?” “சிவப்பு மஞ்சளைவிடக் கனமா?” பெரும்பாலான குழந்தைகள் தயங்காமல் பதில் சொன்னார்கள். பெரியவர் ஒருவர் கேட்டால் அதற்கு ஒரு பதில் இருக்கத்தான் வேண்டும் என்று குழந்தை எடுத்துக்கொள்கிறது. பின்னால் வந்த ஆய்வுகள் இதில் ஒரு முக்கியமான வேறுபாட்டைக் காட்டின. ஆமா, இல்லை என்று முடியும் கேள்விகளில்தான் இந்த ஊகப் பதில் அதிகம். “என்ன”, “எங்கே”, “யார்” என்று கேட்டால் அதே குழந்தைகள் “தெரியாது” என்று சொல்லத் தயங்குவதில்லை.

எனவே எட்டு வயதுக் குழந்தைக்கு அந்தக் கேள்வியை இப்படி உடைப்பேன். 30 நாள் என்பது அந்த வயதில் பிடிபடாது, நேற்று பிடிபடும். “நேத்து காலையில எழுந்ததும் முதல்ல என்ன சாப்பிட்ட?” என்று தொடங்கி, பள்ளிக்குப் போனது, மதிய உணவு, வீடு திரும்பியது, இரவுச் சாப்பாடு என்று நேற்றைய நாளை வரிசையாக நினைத்துப் பார்க்க வைக்க வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் “வேற என்ன சாப்பிட்ட?” என்று மட்டும் கேட்க வேண்டும். “முட்டை சாப்பிட்டியா?” என்று நாமே எடுத்துக்கொடுக்கக் கூடாது. ‘போதுமான அளவு’ என்பதைக் குழந்தையிடம் கேட்கவே வேண்டாம், அது நாம் பின்னால் கணக்கிட வேண்டியது.

இந்த முறைக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு நாளை வைத்து ஒரு குழந்தையின் பழக்கத்தைச் சொல்ல முடியாது, பல குழந்தைகளின் சராசரியைத்தான் சொல்ல முடியும். அதற்கும் நேர்காணல்களை வாரம் முழுக்கப் பரப்ப வேண்டும். சத்துணவு முட்டை பள்ளி நாளில்தான் கிடைக்கும். எல்லாக் குழந்தைகளையும் செவ்வாய் முதல் வெள்ளி வரையே சந்தித்தால் ‘நேற்று’ எப்போதும் பள்ளி நாளாகவே இருக்கும், ஞாயிற்றுக்கிழமைத் தட்டு கணக்கில் வரவே வராது.

இன்னொன்று, பெரியவர்களுக்கான கேள்வித்தாளில் உண்மையைச் சரிபார்க்க ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் கேட்கும் வழக்கம் இருக்கிறது. சிறு குழந்தைகளிடம் இதைச் செய்யாதீர்கள். சூசன் ரோஸ், மேரியன் பிளாங்க் இருவரும் 1974-இல் காட்டியது இதுதான்: பொருட்களை அடுக்கியிருக்கும் விதத்தை மாற்றிவிட்டு எண்ணிக்கை அதேதானா என்று கேட்கும் சோதனையில், மாற்றுவதற்கு முன்பும் பின்பும் கேட்டபோது தவறிய குழந்தைகள் அதிகம், பின்னால் ஒரு முறை மட்டும் கேட்டபோது குறைவு. மறுபடி கேட்டால் முதல் பதில் தப்பு போல என்று குழந்தை நினைத்து மாற்றிவிடும். நாம் அதை ‘முரண்பாடு’ என்று குறித்துக்கொள்வோம், அந்த முரண்பாட்டை உண்டாக்கியதே நாம்தான்.

இப்போது பாட்டி. ஐந்து நீளமான பதில்களை வாயால் படித்துக் காட்டும்போது, முதலில் கேட்டதை நினைவில் பிடித்துக்கொண்டே அடுத்ததைக் கேட்பது முதிய வயதில் கடினம். அதனால் கடைசியாகக் காதில் விழுந்ததைத் தேர்ந்தெடுக்கும் சாய்வு வருகிறது. ஆய்வாளர் பெர்பல் க்னாய்பர் 1999-இல் அமெரிக்கத் தொலைபேசி ஆய்வுகளை எடுத்துப் பார்த்தபோது, பதில்களின் வரிசையை மாற்றினால் முடிவு மாறும் இந்த விளைவு இளையோரைவிட முதியோரிடம் வலுவாக இருந்தது. உங்கள் ஆய்வில் இது நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள வழி எளிது. முன்னோட்டத்தின்போது பாதிப் பேருக்குப் பதில் வரிசையைத் தலைகீழாக்கிப் படியுங்கள். எந்தப் பதில் கடைசியில் வருகிறதோ அதற்கே எண்ணிக்கை கூடினால், நீங்கள் அளப்பது கருத்தை அல்ல.

குழந்தையிடம் தவிர்க்கச் சொன்ன ஆமா-இல்லை கேள்வி இங்கே கைகொடுக்கும். முதியோரின் மனச்சோர்வைக் கண்டறிய 1980-களில் உருவான முதியோர் மனச்சோர்வு அளவுகோல் முழுக்க ஆமா, இல்லை பதில்களால் ஆனது. அதன் 15 கேள்விச் சுருக்க வடிவில் பத்துக் கேள்விகளுக்கு ‘ஆமா’ என்பதும் ஐந்துக்கு ‘இல்லை’ என்பதும் சோர்வின் அடையாளம், அப்படி வரும் ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு மதிப்பெண். எல்லாவற்றுக்கும் ‘ஆமா’ போட்டுவிட்டுப் போகிறவர் சரியாகப் பத்து மதிப்பெண் பெறுவார். பதினைந்து பதிலும் ஒரே மாதிரி இருந்தால், மதிப்பெண்ணை நம்பும் முன் அந்தத் தாளைத் திரும்பப் பார்க்கத் தோன்ற வேண்டும்.

சரி, பாட்டியிடம் கேள்வியை எப்படிக் கேட்பது? இரண்டு படியாக. “போன வாரம் கீரை சாப்பிட்டீங்களாம்மா?” ஆமா என்றால் மட்டும், “ஒரு நாளா, அதுக்கு மேலயா?” ஒவ்வொரு முறையும் அவர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது இரண்டே பதில்கள். ‘உங்கள் உணவில்’ என்ற சொல்லையும் எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் அதை வீட்டுச் சமையல் என்றே எடுத்துக்கொள்வார்கள். மருமகள் சுண்டல் செய்திருப்பார், பல் இல்லாத பாட்டி அதைத் தொட்டிருக்க மாட்டார். “நீங்க சாப்பிட்டீங்களா” என்று கேட்டால்தான் இது வெளியே வரும். பக்கத்தில் இருப்பவர் முந்திக்கொண்டு பதில் சொன்னால், அதை வேறொருவர் சொன்னதாகத் தனியாகக் குறிக்க வேண்டும். காது மந்தமானவரிடம் கத்துவதில் பயனில்லை. முகம் தெரியும்படி எதிரே உட்கார்ந்து நிதானமாகப் பேசினால் போதும். மின்விசிறி, தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லலாம்.

அப்புறம் களைப்பு. எட்டு வயதுக்குக் கால் மணி நேரம், முதியவருக்கு ஒரே அமர்வில் அரை மணி நேரம் என்பது நான் வைத்திருக்கும் வரம்பு. அதற்கு மேல் தேவைப்பட்டால் இன்னொரு நாள் போவதுதான் நல்லது. களைப்பு வந்தால் குழந்தை நெளியும், வாசலைப் பார்க்கும், எளிதில் கண்டுபிடித்துவிடலாம். முதியவர்கள் மரியாதைக்காக உட்கார்ந்திருப்பார்கள். அவர்களின் களைப்பு தரவில்தான் தெரியும்: கடைசிப் பகுதியில் பதில் நேரம் சுருங்கும், ஒரே பதில் வரிசையாக வரும், ‘தெரியாது’ கூடும். கடைசிக் கேள்விகள் கடினமானவை என்பதாலும் இப்படி நடக்கலாம். அதைப் பிரித்தறிய, பாதிப் பேருக்குப் பகுதிகளை இடம் மாற்றிக் கேளுங்கள். முன்னால் வந்தபோது ஒழுங்காகப் பதில் கிடைத்த பகுதி பின்னால் போனதும் கெட்டுப்போனால், காரணம் களைப்புதான்.

கடைசியாக, டேப்லெட் படிவங்களைப் பற்றி ஒரு வேண்டுகோள். பதில் நிரப்பாமல் அடுத்த திரைக்குப் போக முடியாதபடி அமைத்தால், களப்பணியாளர் எதையாவது நிரப்பித்தான் நகர்வார். ‘தெரியாது’, ‘சொல்ல விருப்பமில்லை’, ‘களைப்பால் நிறுத்தினோம்’ என மூன்று தனிக் குறியீடுகள் வையுங்கள், பகுப்பாய்விலும் அவற்றை ஒன்றாகக் கொட்டிவிடாதீர்கள். மூன்றாவதில் விழுபவர்கள் பெரும்பாலும் அதிகம் தளர்ந்தவர்கள், உடல் நலம் குன்றியவர்கள். அரைகுறைப் படிவம் என்று அவர்களை நீக்கிவிட்டால், அறிக்கையில் வரும் முதியவர்கள் ஊரில் இருப்பவர்களைவிடத் திடமானவர்களாகத் தெரிவார்கள்.