சிமெண்ட் பூசிய பிறகு ஓதம் ஏன் மேலே ஏறுகிறது?

பழைய கட்டடங்களின் சுவர்களைச் சரிசெய்வதுதான் என் தொழில். எனக்கு வரும் புகார்களில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி இருக்கும்: "சுவரின் அடியில் ஓதம் இருந்தது. சிமெண்ட் பூசினோம். ரெண்டு மூணு வருஷம் நன்றாக இருந்தது. இப்போது பூச்சுக்கு மேலே ஓதம் வருகிறது."

அப்படி ஒரு சுவரை எடுத்துக்கொள்வோம். நூறு வருடத்துக்கு மேற்பட்ட செங்கல் சுவர், ஒன்றரை அடி கனம், முழுக்கச் சுண்ணாம்புக் கலவையில் கட்டியது. தரையிலிருந்து இரண்டரை அடி உயரம்வரை ஓதக் கறை இருந்திருக்கிறது. ஒப்பந்தக்காரர் பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, நீர்க்காப்புத் திரவம் கலந்த சிமெண்ட் பூச்சை நான்கு அடி உயரம்வரை இரண்டு பக்கமும் பூசியிருந்தார். நான் பார்க்கும்போது கறை ஐந்தடிக்குப் போயிருந்தது. சிமெண்ட் முடியும் விளிம்புக்குச் சற்று மேலே வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து, சாயம் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. கீழே சிமெண்ட் பூச்சு மட்டும் விரிசல் இல்லாமல் பளிச்சென்று இருந்தது. வேலை செய்தவர் அதைக் காட்டித்தான் "என் வேலை கெட்டியாக இருக்கிறது, கோளாறு மேலேதான்" என்று சொல்லியிருக்கிறார்.

பழைய சுவர்களில் பெரும்பாலும் ஓதத்தடுப்பு அடுக்கு கிடையாது. மண்ணில் இருக்கும் ஈரம் செங்கல்லிலும் கலவையிலும் உள்ள நுண்துளைகள் வழியே, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஏறும். அது எவ்வளவு உயரம் ஏறும் என்பது அடியிலிருந்து எவ்வளவு வருகிறது, சுவர்ப் பரப்பிலிருந்து எவ்வளவு ஆவியாகிறது என்ற இரண்டையும் பொறுத்தது. இரண்டும் சமமாகும் இடத்தில் கறை நின்றுவிடும். இந்தச் சுவரில் அந்தச் சமநிலை இரண்டரை அடியில் இருந்தது. அடர்த்தியான சிமெண்ட் பூச்சு ஆவியாகும் பரப்பை இரண்டு பக்கமும் மூடிவிட்டது. மண்ணிலிருந்து வரும் ஈரமோ குறையவில்லை. ஆகவே திறந்த பரப்பு கிடைக்கும்வரை அது மேலே ஏறியது. அவ்வளவுதான் நடந்தது.

சுவருக்குள் உண்மையில் எவ்வளவு ஈரம் என்று பார்க்க, சுவரில் வைத்து அழுத்தும் ஈரமானியை நான் நம்புவதில்லை. அது மின்கடத்தலை அளக்கிறது. உப்பு இருந்தாலே எண்ணைக் கூட்டிக் காட்டும். மெதுவாகச் சுழலும் துளைப்பானால் வெவ்வேறு உயரங்களில் தூள் எடுத்து, உடனே மூடி, எடைபோட்டு, அடுப்பில் 105 டிகிரியில் காயவைத்து மறுபடி எடைபோடுவதுதான் சரியான வழி. இந்தச் சுவரில் ஒரு அடி உயரத்தில் 14 சதவீதம், நான்கு அடியில் 9, ஏழு அடியில் 2 என்று வந்தது. பளிச்சென்று இருந்த சிமெண்டுக்குப் பின்னால்தான் சுவர் அதிகமாக நனைந்திருந்தது.

அடுத்து, சிமெண்டைக் கட்டைச் சுத்தியால் தட்டிப் பார்த்தோம். பல இடங்களில் பொள்ளலான சத்தம். ஓரிடத்தில் உள்ளங்கை அளவு பெயர்த்தபோது, பூச்சின் பின்புறத்தோடு செங்கல்லின் முகமும் ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளே சிவப்புத் தூள். இதற்குக் காரணம் உப்பு. ஈரம் மண்ணிலிருந்தும் செங்கல்லிலிருந்தும் உப்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. சிமெண்டிலிருந்தும் கொஞ்சம் கார உப்புகள் சேர்கின்றன. தண்ணீர் எங்கே ஆவியாகிறதோ அங்கே உப்பு படிகமாகும். பரப்பில் படிகமானால் வெள்ளைப் பூ, துடைத்துவிடலாம். துளைகளுக்குள்ளே படிகமானால் அது துளைச் சுவரை நெருக்கி உடைக்கும். சோடியம் சல்ஃபேட் இதில் மோசமானது. உலர்ந்த உப்பு மறுபடி ஈரத்தை இழுத்து நீர்ப்படிகமாக மாறும்போது அதன் கன அளவு ஏறக்குறைய நான்கு மடங்காகிறது.

சுண்ணாம்புப் பூச்சில் இந்த உடைசல் பூச்சுக்குள்ளேயே நடக்கும். அதன் துளைகள் திறந்திருப்பதால் ஈரம் வெளியே வரும், உப்பும் கூடவே வரும், பூச்சு பொடிந்து விழும், செங்கல் பிழைத்துக்கொள்ளும். பூச்சு அழிவதற்காகவே இருக்கிறது என்று வீட்டுக்காரரிடம் சொன்னால் முகம் சுளிப்பார்கள். ஆனால் பூச்சை மாற்றலாம், செங்கல்லை மாற்றுவது லேசல்ல. பூசாத சுவரிலும் இதே கதைதான். செங்கல் சந்துகளைச் சிமெண்டால் நிரப்பிய பழைய சுவரில், சில காலம் கழித்துச் சந்துகள் வரம்புபோல் துருத்திக்கொண்டு நிற்கும், இடையில் செங்கல் குழிந்துபோயிருக்கும். இதைப் பார்த்தால் வேறு சோதனையே தேவையில்லை.

சரி, அந்தச் சுவருக்கு என்ன செய்தோம்? முதலில் பூச்சைத் தொடவே இல்லை. வெளிப்புறத்தில் தளம் மேல் தளமாகப் போட்டு, தரை உள்தரையைவிட ஒரு அடி உயர்ந்திருந்தது. கூரைத் தண்ணீர்க் குழாயும் சுவரடியிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. தரையைப் பழைய மட்டத்துக்கு வெட்டி இறக்கி, குழாயைத் தள்ளிவிட்டோம். இதைச் செய்யாமல் எந்தக் கலவையைப் பூசினாலும் வீண்தான்.

அப்புறம்தான் சிமெண்டை எடுத்தோம். பொள்ளலாக இருந்த இடங்களில் அது உளிக்கு எளிதாக வந்துவிட்டது. ஒரு மூலையில் மட்டும் இறுக்கமாகப் பிடித்திருந்தது. அங்கே பெயர்த்தால் செங்கல்தான் உடையும் என்பதால் அப்படியே விட்டோம். எல்லாச் சிமெண்டையும் எடுத்தே தீரவேண்டும் என்று அடம்பிடிப்பதும் ஒருவகை நாசவேலைதான். சந்துகளுக்குள் சக்கர வெட்டியை விடவே கூடாது. அது செங்கல்லின் விளிம்பைக் கடித்துவிடும். பொடிந்த கலவையை ஒடுக்கமான உளியால், சந்தின் அகலத்தைப்போல இரண்டு மடங்கு ஆழத்துக்குச் சுரண்டி, தூசியைத் தட்டிவிட்டு, நனைத்து நிரப்பினோம்.

சுவரைப் பல மாதங்கள் திறந்தே போட்டு, பூக்கும் உப்பை உலர்ந்த தூரிகையால் தள்ளி அள்ளினோம். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு திரும்ப உள்ளேதான் போகும். பிறகு நன்றாக நீற்றிய சுண்ணாம்பு விழுது ஒரு பங்கு, கூர்மையான கரடுமுரடு மணல் மூன்று பங்கு. மணல் மணிகளுக்கு இடையே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெற்றிடம் இருப்பதால்தான் இந்த அளவு. தரையை ஒட்டிய இரண்டடிக்கு வெறும் சுண்ணாம்பு போதாது. அது காற்றிலிருக்கும் கரியமில வாயுவை எடுத்துக்கொண்டுதான் இறுகும். எப்போதும் ஈரமாக இருக்கும் இடத்தில் அந்த வாயு உள்ளே போவது கடினம். அங்கே குறைந்த சூட்டில் சுட்ட செங்கல் தூளைச் சேர்த்தோம். அது ஈரத்திலும் சுண்ணாம்பை இறுகவைக்கும்.

இந்த இடத்தில் கொத்தனார், "ஒரு கை சிமெண்ட் போட்டா சீக்கிரம் பிடிக்கும்ங்க" என்றார். எல்லா இடத்திலும் யாராவது இதைச் சொல்வார்கள். சுண்ணாம்பில் கொஞ்சமாகச் சிமெண்ட் கலந்தால் சிமெண்டின் வலிமையும் வராது, சுண்ணாம்பின் இறுக்கமும் கெடும். அவசரத்துக்காகச் செய்யும் இந்தச் சலுகையை நான் ஒருபோதும் ஒத்துக்கொள்வதில்லை. கடையில் சுண்ணாம்புப் பூச்சு என்று விற்கும் சில மூட்டைகளிலும் சிமெண்ட் கலந்திருக்கும்; உட்பொருள் பட்டியலைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

ஒரு பூச்சு பத்து மில்லிமீட்டருக்கு மேல் கனமாகப் போடவில்லை. வெயில் நேராக விழாமல் ஈரச் சாக்கு கட்டி, மெதுவாகக் காயவிட்டோம். வேகமாகக் காய்ந்தால் வெடிக்கும், தேய்த்தால் மாவாக உதிரும். இறுகிவிட்டதா என்று தெரிய ஓரத்தில் சிறு துண்டு உடைத்து ஃபினால்ஃப்தலின் கரைசல் தெளிக்கலாம். இளஞ்சிவப்பு வந்தால் உள்ளே இன்னும் இறுகாத சுண்ணாம்பு இருக்கிறது. நிறம் மாறாத விளிம்பு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்த்துவிட்டு அடுத்த பூச்சு.

முதல் இரண்டு வருடங்களில் கீழ்ப்பகுதி மறுபடி உப்பில் உதிரும் என்று வேலை தொடங்கும் முன்பே உரிமையாளரிடம் எழுதிக் கொடுத்திருந்தேன். இரண்டடி உயரத்துக்கு உதிர்ந்தது, திரும்பப் பூசினோம். கடைசியாக அவர் கேட்டது சாயம் பற்றி. மேலே பிளாஸ்டிக் வகை சாயம் அடித்தால் சிமெண்ட் செய்த வேலையை அது செய்துவிடும். சுண்ணாம்பு வெள்ளை மட்டும் அடியுங்கள் என்றேன். நிறம் வேண்டுமானால் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும் மண் நிறங்களை அதிலேயே கலந்துகொள்ளலாம்.