சொல் விளக்கம்: முகவரி கேட்டறி நெறிமுறை

வலையமைப்புப் பாடக் குறிப்புகளில் "முகவரி தெளிவுத்திறன் நெறிமுறை" என்று ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. அட்ரஸ் ரெசல்யூஷன் புரோட்டோகால், அதாவது ஏ.ஆர்.பி, என்பதற்கான தமிழாம். தெளிவுத்திறன் கேமராவுக்கும் திரைக்கும் உரிய சொல். படம் எவ்வளவு நுணுக்கமாகத் தெரிகிறது என்பதைச் சொல்வது. முகவரிக்கு அப்படி ஒரு கூடுதல் குறைவு கிடையாது. அகராதியில் ரெசல்யூஷனுக்கு எதிரே கண்ட ஏதோ ஒரு பொருளை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இதை ஒதுக்க இரண்டு வரி போதும். கவனமாக எழுதுகிறவர்களும் ஏற்றுக்கொண்டுவிட்ட "முகவரித் தீர்மான நெறிமுறை" என்பதுதான் விரிவான மறுப்பைக் கேட்கிறது. அது கேட்பதற்குச் சரியாக இருக்கிறது, படிப்பவரைத் தவறான இடத்துக்கு அனுப்புகிறது.

மூலச்சொல்லைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். லத்தீனில் ரெசொல்வெரே என்றால் கட்டவிழ்த்தல், தளர்த்தல். அதிலிருந்து சிக்கலைத் தீர்ப்பது, அவையில் தீர்மானம் போடுவது, நெருங்கிய இரண்டைப் பிரித்துக் காண்பது என்று பல கிளைகள் ஆங்கிலத்தில் பிரிந்தன. கணினித் துறையில் அதன் பொருள் குறுகியது: ஓர் அடையாளம் கையில் இருக்கிறது, அது குறிக்கும் மற்றோர் அடையாளத்தைத் தேடிப் பெறுவது. அந்தப் பொருளில்தான் டேவிட் பிளம்மர் 1982 நவம்பரில் வெளிவந்த ஆர்.எஃப்.சி 826 ஆவணத்தில் அதை எழுதினார்.

இனி, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தால்தான் எந்தச் சொல் பொருந்தும் என்று தெரியும். 192.168.10.21 என்ற கணினி, அதே உள்ளூர் வலையில் உள்ள 192.168.10.40 என்ற கணினிக்கு ஒரு பாக்கெட் அனுப்பப் பார்க்கிறது. எந்த முகவரிகள் தன் வலையைச் சேர்ந்தவை என்று கணினிக்குச் சொல்லும் மாஸ்க் இரண்டுக்கும் /24, அதாவது முதல் மூன்று எண்களும் ஒத்திருந்தால் ஒரே வலை. ஈதர்நெட் அட்டைக்கு ஐ.பி முகவரி புரியாது. ஃபிரேமின் தலைப்பில் 48 பிட் வன்பொருள் முகவரி, நாம் மேக் முகவரி என்று சொல்வது, இருந்தாக வேண்டும். கணினி அதைத் தன் அண்டைப் பட்டியலில் தேடுகிறது. இல்லை. அப்போது வலையில் உள்ள எல்லோருக்குமாக, ff:ff:ff:ff:ff:ff என்ற முகவரிக்கு, ஒரு கேள்வியை அனுப்புகிறது. 28 பைட் அளவே உள்ள அந்தக் கேள்வியில் கேட்பவரின் மேக், கேட்பவரின் ஐ.பி, தேடப்படும் ஐ.பி மூன்றும் நிரப்பப்பட்டிருக்கும். தேடப்படும் மேக் இருக்க வேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருக்கும். வலையில் உள்ள எல்லாக் கணினிகளும் அதைப் பெறும். 192.168.10.40 மட்டும் அந்த வெற்றிடத்துக்கு உரிய விடையோடு கேட்டவருக்கு நேரடியாகப் பதில் எழுதும். காத்திருந்த பாக்கெட் அதன் பிறகே கிளம்பும். புதிதாக ஓர் அண்டைக் கணினிக்கு ping கொடுக்கும்போது முதல் பதில் மட்டும் சற்றுத் தாமதமாக வருவதற்கு இதுவே வழக்கமான காரணம்.

வலையில் போகும் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் tcpdump கட்டளை இந்தப் பரிமாற்றத்தை இப்படிக் காட்டும்:

```
$ sudo tcpdump -t -n -i eth0 arp
ARP, Request who-has 192.168.10.40 tell 192.168.10.21, length 28
ARP, Reply 192.168.10.40 is-at 52:54:00:3a:7c:19, length 46
```

பதிலின் நீளம் 46 என்று காட்டுவது பிழையல்ல. ஈதர்நெட் ஃபிரேமின் சரக்கு குறைந்தது 46 பைட் இருக்க வேண்டும் என்பதால் வெற்று பைட்டுகள் 18 சேர்ந்து வந்திருக்கின்றன. நமக்கு முக்கியம் அந்த வரிகளின் நடை: "10.40 யாரிடம் இருக்கிறது, 10.21க்குச் சொல்". முழுக்க முழுக்கக் கேள்வியும் பதிலும். இதில் யாரும் எதையும் தீர்மானிக்கவில்லை.

தீர்மானம் ஒன்று உண்மையிலேயே நடக்கிறது, ஆனால் இதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. சேர வேண்டிய கணினி என் வலையிலேயே இருக்கிறதா, இல்லை ரவுட்டரிடம் கொடுக்க வேண்டுமா என்று கணினி தன் மாஸ்க்கையும் வழிப் பட்டியலையும் பார்த்து முடிவெடுக்கிறது. அது தனக்குள்ளேயே, யாரையும் கேட்காமல் செய்யும் வேலை. அந்த முடிவு வந்த பிறகுதான் ஏ.ஆர்.பி தொடங்குகிறது. அடுத்திருப்பவர் என்று முடிவானால் அவருடைய மேக் முகவரியைக் கேட்கும். வெளியே என்று முடிவானால் ரவுட்டரின் மேக் முகவரியைக் கேட்கும். வெளியே என்று முடிவான கணினியின் மேக் முகவரியை ஏ.ஆர்.பி ஒருபோதும் கேட்பதில்லை. இரண்டாம் கட்டத்துக்குத் "தீர்மானம்" என்று பெயர் வைத்துவிட்டால் முதல் கட்டத்துக்கு என்ன பெயர் மிஞ்சும்? மாணவர் மனத்தில் இரண்டும் ஒன்றாகக் குழம்பும். இது வெறும் சொல் பிரச்சினை அல்ல, பழுது பார்க்கும்போது கையைக் கட்டிப்போடும்.

ஒரு பழுதை எடுத்துக்கொள்வோம். 192.168.10.21இல் மாஸ்க்கை /24க்குப் பதில் /16 என்று தவறாகப் போட்டுவிட்டார்கள், அதாவது முதல் இரண்டு எண்கள் ஒத்தாலே தன் வலை என்று அது எண்ணும். இணையம் நன்றாக வருகிறது, பக்கத்துக் கணினிகளும் கிடைக்கின்றன. ரவுட்டருக்கு அப்பால் உள்ள 192.168.20.5 மட்டும் கிடைக்கவில்லை. அங்கே ping கொடுத்தால் ஏறக்குறைய மூன்று வினாடி கழித்து இந்த வரி வரும்:

```
From 192.168.10.21 icmp_seq=1 Destination Host Unreachable
$ ip neigh show
192.168.10.1 dev eth0 lladdr 52:54:00:11:0e:02 REACHABLE
192.168.10.40 dev eth0 lladdr 52:54:00:3a:7c:19 STALE
192.168.20.5 dev eth0 FAILED
```

பிழைச் செய்தியை அனுப்பியவர் யார் என்று பாருங்கள், நம் கணினியேதான். லினக்ஸ் வினாடிக்கு ஒன்றாக மூன்று முறை கேட்டுவிட்டு, பதில் இல்லாததால் FAILED என்று எழுதிவைக்கிறது. தவறான மாஸ்க்கின்படி 20.5 தன் வலையிலேயே இருப்பதாக அது தீர்மானித்துவிட்டது. கேள்வி தன் கம்பியிலேயே சுற்றி நிற்கிறது. ரவுட்டர் அதை மறுபக்கம் கடத்தாது. ஆக, தீர்மானம் பிழை, கேட்டறிதல் சரியாகவே வேலை செய்தது. அண்டைப் பட்டியலில் வெளி வலையின் முகவரி ஒன்று தென்பட்டாலே மாஸ்க்கைப் பார்க்க வேண்டும். "முகவரித் தீர்மானம் தோற்றது" என்று படித்த மாணவர் ஏ.ஆர்.பி பட்டியலை அழித்து அழித்துப் பார்த்துக்கொண்டிருப்பார், பழுது அங்கே இல்லை. ரவுட்டரில் பிராக்ஸி ஏ.ஆர்.பி இயங்கிக்கொண்டிருந்தால் அது 20.5க்காகத் தானே பதில் சொல்லிவிடும், மாஸ்க் பிழை வெளியே தெரியாமலே கிடக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

"முகவரி மாற்று நெறிமுறை" என்று சொல்பவர்களுக்கு ஒரு நியாயம் உண்டு. ஆர்.எஃப்.சி 826இன் நீண்ட தலைப்பிலேயே மாற்றுவது என்ற பொருளில் ஒரு சொல் இருக்கிறது. வன்பொருள் முகவரி 8 பிட் மட்டுமே இருந்த பழைய சோதனை ஈதர்நெட்டில் அதை ஐ.பி முகவரிக்குள்ளேயே பொதிந்துவிட இடம் இருந்தது, அங்கே மாற்று என்றால் பொருந்தும். 32 பிட் எண்ணுக்குள் 48 பிட் எண்ணைப் பொதிய முடியாது. எந்தச் சூத்திரமும் 192.168.10.40 என்பதிலிருந்து 52:54:00:3a:7c:19 என்பதைத் தராது. அதனால்தான் கேட்க வேண்டியிருக்கிறது. மாற்று என்ற சொல் இந்தக் காரணத்தையே மறைத்துவிடுகிறது. தவிர, ரவுட்டர் ஐ.பி முகவரியை வேறொன்றாக மாற்றி எழுதும் வேலை தனியாக இருக்கிறது. மாற்று என்ற சொல்லை அதற்கு விட்டுவைப்பதே நல்லது.

எனவே நான் முன்வைப்பது "முகவரி கேட்டறி நெறிமுறை". கேட்டறிதல் புதிதாக உருட்டிய சொல் அல்ல, பேச்சிலும் எழுத்திலும் உள்ளது. ஊறுகாய், சுடுகாடு போல வினைத்தொகையாக நிற்கிறது. இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. தமிழில் கேள் என்றால் வினவு என்றும் பொருள், காதில் வாங்கு என்றும் பொருள். "கல்வி கேள்விகளில் சிறந்தவர்" என்கிறோமே, அங்கே கேள்வி என்பது செவிவழிப் பெற்ற அறிவு. ஏ.ஆர்.பி இரண்டையும் செய்கிறது. ஆர்.எஃப்.சி 826 சொல்லும் முறைப்படி, ஏ.ஆர்.பி பாக்கெட்டைப் பெறும் கணினி அது கேள்வியா பதிலா என்று பார்ப்பதற்கு முன்பே, அனுப்பியவரின் ஐ.பி தன் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அதன் மேக் முகவரியைப் புதியதாக மாற்றிக்கொள்ளும். பட்டியலில் இல்லாமல் கேள்வி தனக்கே வந்ததாக இருந்தால் புதிதாகச் சேர்த்துக்கொள்ளும். ஆக 10.21 வினவி அறிந்தது. 10.40 அந்தக் கேள்வியைக் காதில் வாங்கியே 10.21இன் முகவரியை அறிந்தது, திரும்பிக் கேட்க வேண்டியதில்லை.

யாரும் கேட்காமலே ஒரு கணினி தன் முகவரியை அறிவிப்பதும் உண்டு. ஒரு சர்வர் விழுந்து மாற்று சர்வர் அதே ஐ.பி.யை எடுத்துக்கொள்ளும்போது இப்படித்தான் அறிவிக்கும், பழைய மேக் முகவரியைப் பட்டியலில் வைத்திருந்தவர்கள் அதைக் கேட்டுத் திருத்திக்கொள்வார்கள். அந்த அறிவிப்பு தவறினால், நீண்ட நேரம் நினைவில் வைக்கும் கருவிகள் பழைய இடத்துக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். சிஸ்கோ ரவுட்டர்களில் இயல்பான கெடு 4 மணி நேரம். "சர்வர் ஓடுகிறது, பக்கத்துக் கணினிக்குக் கிடைக்கிறது, வெளியிலிருந்து மட்டும் கிடைக்கவில்லை" என்ற புகாரில் ரவுட்டரின் பட்டியலைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பலவீனமும் இதே சொல்லில் தெரிகிறது. ஏ.ஆர்.பி கேட்டதை நம்பும், சொல்பவர் யார் என்று சரிபார்க்கும் ஏற்பாடு அதில் இல்லை. ரவுட்டரின் ஐ.பி என்னுடையது என்று வலைக்குள் இருக்கும் ஒருவர் பொய் சொன்னால் மற்றவர்களின் பாக்கெட்டுகள் அவர் வழியே போகும். ஒரே ஐ.பி.யை இரண்டு கணினிகளுக்குத் தவறுதலாகக் கொடுத்தாலும் இதே வகைக் குழப்பம்தான். `arping -I eth0 -c 3 192.168.10.40` என்று கொடுத்து இரண்டு வேறு மேக் முகவரிகளிலிருந்து பதில் வந்தால் ஐயமே வேண்டாம். "தீர்மானம்" என்ற பெயரில் இந்த நம்பிக்கைக் கோளாறுக்கு இடமே இல்லை, ஏதோ ஆராய்ந்து முடிவெடுத்ததுபோல் அது ஒலிக்கிறது.

மொழிபெயர்ப்பவர்களிடம் கேட்பது ஒன்றுதான். சொல்லைத் தேடும் முன் ஒரு தடவை tcpdump ஓட்டிப் பாருங்கள். ஐ.பி.வி6இல் ஏ.ஆர்.பி இல்லை, அதே வேலையை ஆர்.எஃப்.சி 4861 விவரிக்கும் அண்டை கண்டறிதல் செய்கிறது. அங்கே கேள்விச் செய்திக்கு "அண்டை வேண்டுகோள்" என்று பெயரிட்டு எழுதுகிறார்கள். யாரும் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை, அங்கும் மேக் முகவரியைத்தான் கேட்கிறார்கள். "அண்டை வினவல்", "அண்டை அறிவிப்பு" என்று இரண்டு செய்திகளுக்கும் பெயர் வைத்தால் போதும்.