இரண்டு பக்கமும் 2-ஐத் தொட்டுவிட்டால் போதுமா?

பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களின் நுழைவுத்தேர்வுப் பயிற்சித் தாள்களைத் திருத்தும்போது, நன்றாகப் படிக்கிற பிள்ளைகளின் தாளிலேயே ஒரு பிழை திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. அண்மையில் கொடுத்த கணக்கு இது. x > 0 எனில் தீர்க்க:

2 sin x = x + 1/x

ஒரு மாணவி எழுதியிருந்தாள்: "வலப்பக்கம் 2-க்குக் குறையாது. இடப்பக்கம் 2-ஐத் தாண்டாது. ஆகவே இரண்டும் 2. x + 1/x = 2 என்றால் x = 1."

முதல் இரண்டு வரிகளில் குறையே இல்லை. விடை மட்டும் தவறு. இந்தச் சமன்பாட்டுக்குத் தீர்வே கிடையாது. பிழை "ஆகவே இரண்டும் 2" என்ற மூன்றாம் வரியில் ஒளிந்திருக்கிறது. அதைச் சரியாகப் பார்க்க, இந்த முறை ஒழுங்காக வேலை செய்யும் ஒரு கணக்கை முதலில் செய்துவிடலாம்.

√(3x² + 6x + 7) + √(5x² + 10x + 14) = 4 − 2x − x²

வர்க்கமூலத்தைக் கண்டதும் இருபுறமும் வர்க்கப்படுத்தக் கை துறுதுறுக்கும். இங்கே அப்படிச் செய்தால் ஒருமுறை போதாது. இரண்டாம் முறையும் வர்க்கப்படுத்தி முடிக்கும்போது எட்டாம் படிச் சமன்பாடு ஒன்று கையில் நிற்கும். தேர்வறையில் அதைக் கட்டிக்கொண்டு அழுவதில் பயனில்லை. அதற்குப் பதிலாக மூன்று கோவைகளிலும் 6x, 10x, 2x ஆகியவை எந்த வர்க்கத்தோடு வருகின்றன என்று பாருங்கள். 3-உடன் 6, 5-உடன் 10, 1-உடன் 2. மூன்றுக்கும் உள்ளே இருப்பது ஒரே (x + 1)² தான். வர்க்கப் பூர்த்தி செய்தால்:

√(3(x + 1)² + 4) + √(5(x + 1)² + 9) = 5 − (x + 1)²

(x + 1)² எதிர்க்குறி எண்ணாக இருக்க முடியாது. அதனால் முதல் மூலம் √4-க்குக் குறையாது, இரண்டாவது √9-க்குக் குறையாது. இடப்பக்கம் குறைந்தது 2 + 3 = 5. வலப்பக்கமோ 5-இலிருந்து ஒரு வர்க்கத்தைக் கழித்தது, ஆகவே அதிகபட்சம் 5. தீர்வு ஏதேனும் இருந்தால் அந்த இடத்தில் இரண்டு பக்கமும் சரியாக 5 ஆக இருந்தே தீர வேண்டும். வலப்பக்கம் 5 ஆவது x = −1 என்னும் ஒரே இடத்தில். அங்கே இடப்பக்கமும் √4 + √9 = 5. தீர்வு x = −1, வேறு இல்லை.

"தீர்வு ஏதேனும் இருந்தால்" என்று எழுதினேன் அல்லவா, மாணவி விட்டுவிட்டது அந்த நிபந்தனையைத்தான். ஒரு பக்கம் 2-க்குக் குறையாது, மறுபக்கம் 2-க்கு மேல் போகாது என்பது, தீர்வு எங்கே இருக்கக்கூடும் என்பதை மட்டுமே சொல்கிறது. தீர்வு இருக்கிறது என்று சொல்லவில்லை. இரண்டு பக்கமும் 2-ஐத் தொடலாம். ஆனால் ஒரே x-இல் தொட வேண்டும்.

மாணவியின் கணக்கில் x + 1/x, 2-ஐத் தொடுவது x = 1-இல். 2 sin x முதன்முதலில் 2-ஐத் தொடுவது x = π/2, அதாவது ஏறத்தாழ 1.571-இல். அதற்குப் பிறகு 2π இடைவெளிவிட்டுத்தான் மறுபடி தொடும். x = 1-இல் 2 sin 1 ≈ 1.683. இரண்டும் சந்திக்கவே இல்லை. அவள் ஒரு பக்கத்தை மட்டும் 2-க்குச் சமப்படுத்தி x கண்டாள், அந்த x-ஐ மறுபக்கத்தில் போட்டுப் பார்க்கவில்லை. போட்டுப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது. (கால்குலேட்டரில் பார்ப்பவர்கள் அது ரேடியனில் இருக்கிறதா என்று முதலில் கவனியுங்கள். டிகிரியில் இருந்தால் sin 1 என்பதற்கு 0.017 என்று காட்டும்.)

இதே பிழை ஒரே பக்கத்துக்குள்ளும் நடக்கும். sin x அதிகபட்சம் 1, cos x அதிகபட்சம் 1, எனவே sin x + cos x அதிகபட்சம் 2 என்று எழுதுகிறார்கள். 2-ஐத் தாண்டாது என்பது உண்மைதான், ஆனால் அது 2-ஐத் தொடுவதும் இல்லை. sin x = 1 ஆகும் இடத்தில் cos x = 0. உண்மையான பெரும மதிப்பு √2, சுமார் 1.414. sin x + cos x = x² + 1.5 என்ற சமன்பாட்டில் இதன் விளைவைப் பார்க்கலாம். வலப்பக்கம் குறைந்தது 1.5. இடப்பக்கம் அதிகபட்சம் 2 என்று வைத்துக்கொண்டால் எந்த முடிவுக்கும் வர முடியாது. அதிகபட்சம் √2 என்று தெரிந்தால் தீர்வு இல்லை என்பது ஒரே வரியில் முடிந்துவிடும். மேலே வர்க்கமூலக் கணக்கில் 2 + 3 என்று துணிந்து கூட்ட முடிந்ததற்குக் காரணம், இரண்டு மூலங்களும் x = −1 என்னும் ஒரே இடத்தில் தம் சிறும மதிப்பை அடைவதுதான்.

இந்த முறை எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதைக் காட்ட, வகுப்பில் அதே வர்க்கமூலக் கணக்கில் வலப்பக்கத்து 4-ஐ மட்டும் மாற்றித் தருவேன். 4-க்குப் பதில் 3 என்றால் வலப்பக்கம் 4 − (x + 1)² ஆகிறது. அது 4-ஐத் தாண்டாது, இடப்பக்கம் 5-க்குக் குறையாது, எனவே தீர்வு இல்லை. இதுவரை முறை துணை நிற்கிறது. 5 என்று மாற்றினால் வலப்பக்கம் 6 − (x + 1)². இப்போது ஒரு பக்கம் 5-க்குக் குறையாதது, மற்றது 6-ஐத் தாண்டாதது. இடையில் ஓர் அலகு இடம் திறந்துவிட்டது; எல்லைகளை வைத்து இனி விடை சொல்ல முடியாது. ஆனாலும் சிலர் பழக்கத்தில் x = −1 என்றே எழுதுகிறார்கள். அங்கே இடப்பக்கம் 5, வலப்பக்கம் 6.

இந்த இடத்தில் வேறு வழிக்குப் போக வேண்டும். (x + 1)² = t என்று வைத்தால்

√(3t + 4) + √(5t + 9) = 6 − t, t ≥ 0

t கூடும்போது இடப்பக்கம் ஏறுகிறது, வலப்பக்கம் இறங்குகிறது. ஏறுவதும் இறங்குவதும் ஒரே ஒரு முறைதான் சந்திக்க முடியும். t = 0.4 என்று போட்டால் இடப்பக்கம் 5.597, வலப்பக்கம் 5.6. கிட்டத்தட்ட வந்துவிட்டோம், t சுமார் 0.401. அதிலிருந்து x-க்கு இரண்டு மதிப்புகள் கிடைக்கின்றன: ஏறத்தாழ −0.367, −1.633. ஓர் எண்ணை ஒன்று கூட்டியதும் குறைத்ததும் தீர்வுகளின் எண்ணிக்கையை ஒன்றிலிருந்து இரண்டாகவும் சுழியாகவும் மாற்றிவிட்டன.

தாளைத் திருப்பிக் கொடுத்தபோது அந்த மாணவி, x = 1-ஐ இரு பக்கமும் போட்டுப் பார்த்துத் தன் பிழையை ஒப்புக்கொண்டாள். பிறகு, "x > 0 என்று ஏன் சார் கொடுத்தீர்கள்?" என்று கேட்டாள். x குறை எண்ணாக இருந்தால் x + 1/x, 2-க்குக் குறையாது என்பதே பொய்யாகிவிடும், x = −3 என்று போட்டுப் பார் என்றேன். கொஞ்ச நேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "x-க்குப் பதில் −x போட்டால் இரண்டு பக்கமும் குறி மட்டும்தானே சார் மாறுகிறது? அப்படியென்றால் குறை எண்களிலும் தீர்வு இல்லை" என்றாள். அந்த நிபந்தனை இல்லாமலேயே கணக்கை முடித்துவிட்டாள்.