உள் பானையின் வெளிப்பக்கம்

களுவாஞ்சிக்குடியில் மின் சாமான்கள் திருத்துகிற கடை வைத்திருக்கிறேன். என் மேசைக்கு அதிகமாக வருவது ரைஸ் குக்கர். அதில் பாதிக்கு மேல் பழுதாகியிருக்கவே தேவையில்லை என்பது என் எண்ணம். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் அந்தப் பேப்பரில் உள்ள ஒரு படத்தைச் சரியாக விளங்கியிருந்தால் போதும்.

போன மாதம் பட்டிருப்புப் பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். "ரெண்டு கிழமையா சோறு வேகுதில்ல மனே. சுவிச்சு சட்டெண்டு மேல வந்திடுது. இப்ப லைட்டும் எரியுதில்ல" என்றார். நல்லவேளை, அந்தப் பேப்பரையும் பொலித்தீன் பையில் பத்திரமாகச் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

நாலாக மடித்த ஒற்றைத் தாள். ஒன்று தொடக்கம் ஆறு வரை எண் போட்ட படங்கள், கீழே வட்டத்துக்குள் குறுக்குக்கோடு போட்ட எச்சரிக்கைப் படங்கள், கடைசி மூலையில் பொடி எழுத்தில் தமிழ். மூன்றாவது படத்தின் கீழ் "உள் பானையைத் துடைக்கவும்" என்று இருந்தது. "ஒவ்வொரு நாளும் துடைக்கிறனான்" என்று அம்மா சொன்னார். உண்மைதான், பானையின் உட்பக்கம் பளிச்சென்று இருந்தது. ஆனால் படத்தில் துணி பிடித்த கை இருப்பது பானையின் அடியில். விரல் நகம் அளவான படத்தில் அது தெரியவில்லை. எழுதியவர் சொல்ல வந்தது, உள்ளே இறக்கும் பானையின் வெளிப்பக்கத்தைத் துடையுங்கள் என்பது. தமிழில் போடும்போது 'வெளிப்பக்கம்' விடுபட்டுப் போயிற்று.

பானையைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் இருக்கும் சூடாகும் தட்டில் மூன்று சோற்றுப் பருக்கைகள் கருகி, கல்லுப் போல ஒட்டியிருந்தன. பக்கத்தில் கஞ்சி வழிந்து காய்ந்த பழுப்புக் கறை.

மூன்று பருக்கை என்ன செய்யும் என்று கேட்பீர்கள். அந்தத் தட்டின் நடுவில் ஸ்பிரிங்கின் மேல் நிற்கும் வட்டமான குமிழ் ஒன்று இருக்கும். விரலால் அமத்தினால் கீழே போய்த் திரும்பி வரும். அதற்குள் இருப்பது காந்தம். பானைக்குள் தண்ணீர் இருக்கும் வரை பானையின் அடி 100 பாகையை ஒட்டியே நிற்கும். அரிசி தண்ணீரை முழுக்க இழுத்ததும் சூடு அதற்கு மேல் ஏறத் தொடங்கும். சுமார் 103 பாகையில் அந்தக் காந்தத்தோடு ஒட்டியிருக்கும் பொருள் காந்தத் தன்மையை இழக்கும், ஸ்பிரிங் தள்ளும், 'டக்' என்று சுவிட்ச் மேலே வரும். சோறு வெந்துவிட்டது என்று குக்கர் அறிவது இந்த ஒரு வழியால்தான். அதற்கு மணிக்கூடு கிடையாது.

ஆகவே பானையின் அடி தட்டிலும் குமிழிலும் சீராகப் படிந்திருக்க வேண்டும். இடையில் பருக்கை இருந்தால் பானை ஒரு பக்கம் தூக்கி நிற்கும். தட்டின் சூடு பானைக்குப் போகாமல் தட்டிலேயே தங்கும். அந்தச் சூடு குமிழுக்கு ஏறினால் அரிசி வேகுமுன்னே சுவிட்ச் மேலே வந்துவிடும். பருக்கை குமிழின் தலையிலேயே இருந்தால், அல்லது பானையின் அடி நெளிந்திருந்தால் மறுதலையாக நடக்கும்: சுவிட்ச் பிந்தி மேலே வரும், சோறு அடிப்பிடிக்கும். வேகாத சோற்றுக்கும் கருகின சோற்றுக்கும் ஒரே காரணம் இருக்கலாம் என்பதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள்.

சரி, சோறு வேகாமல் போனதற்குக் காரணம் அது. லைட் ஏன் எரியவில்லை? அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன். சுவிட்ச் மேலே வரவர அவர் திரும்பத் திரும்ப அமத்தியிருக்கிறார். அதுவும் சரிவராமல் மகன் ஒரு ஈர்க்குத் துண்டை மடித்து, சுவிட்ச் மேலே வராதபடி செருகிவிட்டிருக்கிறார். அன்று சோறு வெந்தது. நாலாம் நாள் குக்கர் செத்துப்போனது.

பேப்பரின் கீழ்ப்பகுதியில் இதற்கும் ஒரு படம் இருந்தது. சுவிட்சின் மேல் விரல், அதன் மேல் குறுக்குக்கோடு. "கட்டாயப்படுத்த வேண்டாம்" என்று இரண்டு சொல். எதை, ஏன் என்று இல்லை.

அடியைக் கழற்றி மீற்றர் வைத்துப் பார்த்தேன். 700 வாற்ஸ் குக்கர், 230 வோல்ற்றுக்குக் கணக்குப் பார்த்தால் தட்டு 75 ஓம் அளவில் காட்ட வேண்டும், காட்டியது. தட்டில் பிழையில்லை. தட்டோடு ஒட்டி ஒரு சின்ன வெப்ப பியூஸ் இருக்கும். தட்டு அளவுக்கு மீறிச் சூடேறினால் அது ஒரேயடியாக அறுந்து கறண்ட்டை நிறுத்தும். திரும்ப ஒட்டாது. அதுதான் போயிருந்தது. ஈர்க்கு சுவிட்ச்சைப் பிடித்து வைத்திருந்ததால், தண்ணீர் வற்றிய பிறகும் தட்டு சூடேறிக்கொண்டே போயிருக்கிறது. கடைசியாக நின்று தடுத்தது அந்தப் பியூஸ்.

"பியூஸ் இல்லாமல் வயரை நேரே குடுத்து விடுங்களன் மனே, செலவு குறையுமே" என்று அம்மா கேட்டார். இதை நிறையப் பேர் கேட்கிறார்கள். நான் செய்வதில்லை. நேரே கொடுத்தால் குக்கர் வேலை செய்யும்தான். ஆனால் அடுத்த முறை சுவிட்ச் இறுகிவிட்டால் தடுக்க எதுவும் இருக்காது; வயரின் உறை உருகும், பக்கத்தில் துணியோ பிளாஸ்ரிக்கோ இருந்தால் பற்றும். பழைய பியூஸில் அச்சடித்திருந்த அதே பாகை அளவில் புதியது வாங்கி, ஈயம் வைக்காமல் நசுக்கிப் பிடிக்கும் குழாயால் இணைத்தேன். ஈயம் உருக்கும் சூட்டிலேயே அந்தப் பியூஸ் அறுந்துவிடும். திருத்தப் பழகும் தம்பிமார் இதைக் கவனிக்க வேண்டும்.

அப்புறம் கருகின பருக்கைகளை ஈரத்துணி போட்டு ஊறவைத்து, மரக்குச்சியால் எடுத்தேன். உப்புத்தாள் கொண்டு அரக்கித் தேய்த்தால் தட்டின் மட்டம் கெட்டுவிடும். பானைக்குள் ஒரு கப் வெறும் தண்ணீர் ஊற்றிச் சுவிட்ச்சைப் போட்டேன். தண்ணீர் முழுக்க வற்றிக் கொஞ்ச நேரத்தில் 'டக்' என்று மேலே வந்தது. குமிழ் சரியாக இருக்கிறது என்பதற்கு இதுவே சோதனை.

கஞ்சிக்கறைக்கு வேறு காரணம். குக்கரோடு வருகிற பிளாஸ்ரிக் கப் பெரும்பாலும் 180 மில்லிலீற்றர். பானையின் உள்ளே போட்டிருக்கும் 2, 4, 6 என்ற கோடுகள் அந்தக் கப்பின் கணக்கு. அம்மா அரிசியைச் சுண்டால் அளந்து, தண்ணீரைக் கோட்டுக்கு விட்டிருக்கிறார். இரண்டும் பொருந்தாது. அந்தக் கோடு தீட்டின வெள்ளைப் பச்சையரிசிக்கு. நாட்டரிசிக்குத் தண்ணீர் கூட வேண்டும், ஆகவே அரிசியைக் குறைத்துப் போட வேண்டும், மேல்கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கஞ்சி பொங்கி வெளியே வழிந்து தட்டுக்கு இறங்கும்.

அவருடைய பேப்பரில் மூன்றாவது படத்துக்குப் பக்கத்தில் பேனையால் பெரிதாக எழுதிக் கொடுத்தேன்: "பானையின் வெளிப்பக்கமும் அடியும் ஈரமில்லாமல் துடைக்கவும். தட்டில் பருக்கை இருக்கிறதா பார்க்கவும். பானையை உள்ளே இறக்கிய பின் இடம் வலமாக ஒருமுறை திருப்பி இருத்தவும்." விரலும் குறுக்குக்கோடும் உள்ள படத்தின் கீழ்: "சுவிட்ச் முந்தி மேலே வந்தால் திரும்ப அமத்த வேண்டாம். பிளக்கைக் கழற்றி, ஆறவிட்டு, பானையைத் தூக்கிப் பார்க்கவும்."

தட்டும் பானையின் அடியும் சுத்தமாக இருந்தும், பானை நெளியாமல் இருந்தும் சுவிட்ச் முந்தியோ பிந்தியோ மேலே வந்தால் குமிழோ அதன் ஸ்பிரிங்கோ களைத்துவிட்டது. கடலும் வாவியும் பக்கத்தில் இருக்கும் நம்ம ஊர்களில் ஸ்பிரிங் துருப்பிடிப்பது உண்டு. அதை வீட்டில் சரிபண்ண முடியாது, குமிழை மாற்றத்தான் வேண்டும். மாற்றிய வெப்ப பியூஸ் ஒரு கிழமைக்குள் மறுபடி போனாலும் அப்படித்தான்: மூன்றாவது பியூஸ் போடச் சொல்லாதீர்கள், குமிழைப் பார்க்கச் சொல்லுங்கள்.