'வந்து'வை அழித்தால் வீடியோ எப்படி வெட்டுப்படுகிறது?

பேட்டிகளை எடிட் செய்யப் பழகிவரும் நண்பர் ஒருவர் கேட்டார்: "டைம்லைனைத் தொடவே இல்லை. எழுத்தில் ஒரு வரியை டெலீட் செய்தேன், வீடியோவிலும் அந்த இடம் போய்விட்டது. எப்படி?"

பாதி பதில் எளிது. மென்பொருள் பேச்சை எழுத்தாக்கும்போதே ஒவ்வொரு சொல்லும் எந்த நொடியில் தொடங்கி எந்த நொடியில் முடிகிறது என்றும் குறித்துவைக்கிறது. நீங்கள் சொல்லை அழித்தால் மூலக் கோப்பில் எதுவும் அழிவதில்லை. 'இங்கிருந்து அங்கே தாவு' என்று ஒரு குறிப்பு சேர்கிறது, அவ்வளவுதான். டிஸ்கிரிப்ட் என்ற எடிட்டிங் மென்பொருள் இதை முதலில் பரவலாக்கியது. பிரீமியர் புரோ, டாவின்சி ரிசால்வ் ஆகிய எடிட்டிங் மென்பொருள்களிலும் 2023-இல் வந்தது.

அந்த நேரக்குறிப்பு எப்படிக் கிடைக்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. மென்பொருளுக்கு மென்பொருள் வழி கொஞ்சம் மாறும். அடிப்படையான வழி இது. ஒலியை 10 மில்லிநொடித் துண்டுகளாக நறுக்குவார்கள். ஒரு நொடிக்கு 100 துண்டு. ஒவ்வொரு துண்டும் எந்த ஒலியாக இருக்கலாம் என்று மதிப்பெண் போடுவார்கள்: 'அ'வாக இருக்க இவ்வளவு வாய்ப்பு, 'ந்'தாக இருக்க இவ்வளவு. 'வந்து' என்பதில் வ், அ, ந், த், உ என ஐந்து ஒலிகள். பேசியவர் அதைக் கால் நொடியில் சொல்லியிருந்தால், ஏறக்குறைய 25 துண்டுகளை இந்த ஐந்துக்கும் பங்கிட வேண்டும். விதி ஒன்றுதான்: அடுத்த துண்டுக்குப் போகும்போது அதே ஒலியில் நிற்கலாம், அல்லது அடுத்த ஒலிக்கு நகரலாம். பின்னால் போகவோ, ஒன்றைத் தாண்டவோ கூடாது. அப்படிப் பங்கிட ஆயிரக்கணக்கான வழிகள் உண்டு. மொத்த மதிப்பெண் அதிகம் வரும் வழியை, எல்லாவற்றையும் தனித்தனியாகக் கூட்டிப் பார்க்காமலேயே கண்டுபிடிக்கும் கணக்கை ஆண்ட்ரூ விட்டர்பி 1967-இல் வெளியிட்டார். அவர் யோசித்தது தகவல் தொடர்பில் வரும் பிழைகளைத் திருத்துவது பற்றி. பேட்டியெல்லாம் அவர் கனவிலும் இருந்திருக்காது. உடனடிப் பயன் என்ன என்று கேட்டு ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

சரி, இனி வம்பு. ஓய்வுபெற்ற மில் தொழிலாளி ஒருவரின் ஒரு மணி நேரப் பேட்டியை இப்படித்தான் வெட்டினேன். அவருக்கு வாக்கியத்துக்கு ஒரு 'வந்து'. தேடி, மொத்தமாக அழித்தேன். திரும்பக் கேட்டால், "உடுமலையிலேர்ந்து வந்து மில்லுல சேர்ந்தேன்" என்பதில் இருந்த நிஜமான 'வந்து'வும் போயிருந்தது. எழுத்தில் இரண்டும் ஒன்றே. பிழை என்னுடையது, அன்று முதல் ஒவ்வொன்றாகத்தான் அழிக்கிறேன்.

இன்னொரு இடம் இன்னும் சுவாரசியம். எழுத்தில், தொடங்கும் நொடி, முடியும் நொடி, சொல் என்ற வரிசையில் இப்படி இருந்தது:

```
912.40  913.05  அப்ப
913.05  913.29  வந்து
913.29  913.80  எனக்கு
```

நடு வரியை அழித்தேன். ஒலியில் 'னக்கு' என்றுதான் கேட்டது, 'எ'வின் தலை காணோம். ஏனென்றால் அவர் உண்மையில் சொன்னது 'வந்தெனக்கு'. பள்ளியில் படித்த குற்றியலுகரப் புணர்ச்சிதான்: உயிர் வந்ததும் உகரம் ஓடிவிட்டது. 'த்' முன் சொல்லின் கடைசி, 'எ' பின் சொல்லின் முதல். வாயில் இரண்டும் ஒரே அசை. எழுத்து இரண்டு சொல்லாகக் காட்டுவதால், கணக்கு எங்காவது ஒரு கோடு போட்டாக வேண்டும். போட்ட கோடு 'எ'வுக்குள் விழுந்துவிட்டது. கோட்டை முன்னால் நகர்த்தினால் 'த்' ஒட்டிக்கொண்டு 'தெனக்கு' என்கிறது. அங்கே நல்ல வெட்டே கிடையாது. 'வந்து'வை அப்படியே விட்டுவிட்டேன்.

எங்கே வெட்டலாம்? க, ச, ட, த, ப இரட்டிக்கும் இடங்களில், 'அப்ப' என்பதில் உதடு மூடியிருக்கும் அந்தக் கணத்தைப் போல, ஒலியலை கிட்டத்தட்டத் தட்டையாக இருக்கும். ஆனால் அது சொல்லுக்கு நடுவே வரும் மௌனம். அதைச் சொல் இடைவெளி என்று நினைத்து ஏமாறக் கூடாது. நமக்கு வேண்டியது மூச்செடுக்கும் இடம். அங்கே வெட்டினால், மூச்சு ஒன்றுதான் மிஞ்ச வேண்டும். வெட்டின் இரு பக்கமும் மூச்சு விட்டுவைத்தால், ஒருவர் இரண்டு முறை மூச்சிழுப்பது போல் கேட்கும். பிறகு 10, 20 மில்லிநொடிக்கு முந்தைய ஒலி மங்க மங்க அடுத்த ஒலி எழும்படி கரைத்தால் 'டிக்' சத்தம் வராது. வெட்டிய இடத்தில் படத்தில் முகம் துள்ளுவதற்கு மருந்து வேறு: அந்த நேரத்தில் கை, தறி, சுவரில் மாட்டிய படம் எதையாவது காட்ட வேண்டும்.

எழுத்தில் சரியாகத் தெரியும் வெட்டு காதில் தப்பாகவும் இருக்கலாம். "மேஸ்திரி கெட்டவர்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார் அவர். நம் மொழியில் மறுப்பு கடைசியில் வருகிறது. வாலை நறுக்கினால் எஞ்சுவது "மேஸ்திரி கெட்டவர்னு", குரல் மேலே தொங்கிக்கொண்டு நிற்கும். அந்தக் குரல்தான் என்னைக் காட்டிக்கொடுத்தது. எழுத்தில் 'னு'வையும் சேர்த்து அழித்தபோது, ஒரு சுத்தமான வாக்கியமாக, நேர் எதிர்ப் பொருளோடு, சாதுவாக உட்கார்ந்திருந்தது.