சராசரிக் கிணறும் உங்கள் வீட்டுக் கிணறும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மழைநீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மிதக்கிறது. அதைத்தான் கிணறுகளில் அள்ளுகிறோம். கிணற்று நீரில் எவ்வளவு உப்பு ஏறியிருக்கிறது என்று திட்டமாக அறிய, குளோரைட்டை ஆய்வுகூடத்தில் அளக்க வேண்டும். மின்கடத்துதிறனை அளக்கும் கைக்கருவியோ வாளித் தண்ணீரில் தோய்த்த சில நொடிகளில் எண்ணைக் காட்டிவிடும். ஆகவே, சில கிணறுகளில் இரண்டையும் அளந்து, கடத்துதிறனிலிருந்து குளோரைட்டைக் கணிக்கும் பிற்செலவுக் கோடு ஒன்றை வரைந்துகொண்டால் பெரிய உதவி.

விளக்கத்துக்காக நான் அமைத்த எண்களைப் பாருங்கள். 25 கிணறுகள், அவற்றின் சராசரிக் கடத்துதிறன் சென்ரிமீற்றருக்கு 1200 மைக்ரோசீமென்ஸ். கோட்டின்படி அந்த இடத்தில் குளோரைட்டு லீற்றருக்கு 220 மில்லிகிராம். கிணறுகள் கோட்டிலிருந்து விலகி நிற்கும் அளவு, அதாவது மீதிகளின் நியம விலகல், 40.

இப்போது இருவர் கேள்வி கேட்கிறார்கள். நீர்வளத் திட்டம் போடும் அதிகாரி, "கடத்துதிறன் 1200 உள்ள கிணறுகளின் சராசரிக் குளோரைட்டு எவ்வளவு?" என்கிறார். குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கும் தாய், "எங்கள் கிணற்றில் கருவி 1200 காட்டுகிறது, அதில் எவ்வளவு இருக்கும்?" என்கிறார். இருவருக்கும் சிறந்த ஒற்றை விடை 220தான். அதைச் சுற்றி வைக்கவேண்டிய நிச்சயமின்மைதான் வேறு.

அதிகாரிக்குத் தேவை சராசரிக்கான நம்பிக்கை ஆயிடை. இங்கே ஐயம் ஒன்றே ஒன்று: 25 கிணறுகளைக் கொண்டு வரைந்த கோடு உண்மைக் கோட்டுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது? கிணறுகளின் சராசரிப் புள்ளியிலேயே நிற்பதால் நியம வழு 40-ஐ √25 ஆல் வகுத்தால் வரும் 8. 95 வீத ஆயிடைக்கு t அட்டவணை தரும் எண்ணான 2.07 ஆல் அதைப் பெருக்கினால் ஏறத்தாழ 17. விடை 203 முதல் 237 வரை.

தாயின் கேள்வியில் இன்னொரு ஐயமும் சேர்கிறது. உண்மைக் கோடே கைக்குக் கிடைத்தாலும் அவருடைய கிணறு அதன்மேல் சரியாக உட்காராது. உரத்திலிருந்து வந்த நைத்திரேற்றும் சுண்ணாம்புக் கல்லிலிருந்து கரைந்த கல்சியமும் பைகாபனேற்றும் கூடக் கடத்துதிறனை உயர்த்துகின்றன. ஆகையால் ஒரே 1200 வெவ்வேறு கிணறுகளில் வெவ்வேறு குளோரைட்டைக் குறிக்கும். இந்தச் சிதறலையும் சேர்க்க, வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுக்கிறோம்: 40²-உம் 8²-உம் சேர்ந்து 40.8 தருகின்றன. அதையும் 2.07 ஆல் பெருக்கினால், எதிர்வுகூறல் ஆயிடை 220-க்கு இருபுறமும் 84. அதாவது 136 முதல் 304 வரை.

குளோரைட்டு 250-ஐத் தாண்டினால் நாவில் உப்புச் சுவை தெரியத் தொடங்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதிகாரியின் ஆயிடை முழுவதும் அந்த எல்லைக்குக் கீழே நிற்கிறது. தாயின் ஆயிடை எல்லையைத் தாண்டிப் போகிறது. "237-க்கு மேல் போகாது" என்று அந்தத் தாயிடம் சொல்வது பிழையான உறுதிமொழி. அவருடைய கிணற்று நீரை ஆய்வுகூடத்துக்கு அனுப்பச் சொல்வதே நேர்மை.

மேலும் கிணறுகளை அளந்தால் என்ன ஆகும்? 100 கிணறுகள் என்றால் அதிகாரியின் 17 பாதிக்கும் குறைந்து 8 ஆகிறது. தாயின் 84 வெறும் 80 ஆகிறது. ஆயிரக்கணக்கில் அளந்தாலும் அது 78-க்குக் கீழ் இறங்காது. கிணற்றுக்குக் கிணறு உள்ள வேறுபாடு அளவீட்டால் அழிவதில்லை. அதைக் குறைக்க நைத்திரேற்றையும் அளந்து கோட்டில் சேர்ப்பது போன்ற வழி வேண்டும்.

ஆர் என்ற புள்ளிவிவர நிரல்மொழியில் இந்த இரண்டு ஆயிடைகளுக்கும் ஒரு சொல்தான் மாறுகிறது:

```r
m <- lm(cl ~ ec, data = wells)
new <- data.frame(ec = 1200)
predict(m, new, interval = "confidence")
predict(m, new, interval = "prediction")
```

வரைபடத்தில் கோட்டைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் வரும் பட்டை பெரும்பாலும் முதல் வகை. பாதிக்கு மேற்பட்ட புள்ளிகள் அதற்கு வெளியே கிடப்பதைக் கண்டு தரவு கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். அது புள்ளிகளைப் பிடிக்கப் போட்ட பட்டை அல்ல. 1200-இலிருந்து விலகிச் செல்லச் செல்ல அது இருபுறமும் விரிவதையும் காணலாம். கோட்டின் சரிவில் உள்ள சிறு பிழை, தூரம் போகப்போகப் பெரிதாகிறது.

எதிர்வுகூறல் ஆயிடைக்கு ஒரு பலவீனம் உண்டு. எங்கும் சிதறல் ஒரே 40 என்று அது நம்புகிறது. உவர்ந்த கிணறுகளில் சிதறல் கூடுதலாக இருந்தால், அங்கே ஆயிடை தேவைக்கு மிகக் குறுகியும் நன்னீர்க் கிணறுகளில் வீணாக அகன்றும் இருக்கும். மீதிகளைக் கடத்துதிறனுக்கு எதிரே வரைந்தால் விசிறிபோல விரிவது தெரியும். அப்படித் தெரிந்தால் குளோரைட்டின் மடக்கையை எடுத்துக் கோட்டை மீண்டும் வரைந்து பார்க்கலாம். பிறகு, கோடு வரையப் பயன்படுத்தாத கிணறுகள் சிலவற்றை அளந்து, நூற்றுக்கு 95 அளவில் அவை ஆயிடைக்குள் விழுகின்றனவா என்று எண்ண வேண்டும். உவர்ந்த கிணறுகளைத் தனியாகவும் எண்ண வேண்டும்.