பச்சிளம் குழந்தையின் இடுப்பில் 'டிக்' சத்தம் கேட்டால்

டயபர் மாற்றும்போது குழந்தையின் இடுப்பில் 'டிக்' என்று ஏதோ சத்தம் வருகிறது என்று பயந்துபோய் வரும் தாய்மார்கள் உண்டு. குழந்தை மருத்துவனாக நான் முதலில் சொல்வது இதுதான்: அந்த மெல்லிய சத்தம் பெரும்பாலும் மூட்டைச் சுற்றியுள்ள தசைநார்கள் நகர்வதால் வருவது, தானாகவே போய்விடும். எனக்குக் கவலை தருவது வேறொன்று. தொடை எலும்பின் பந்து, இடுப்பெலும்பில் இருக்கும் கிண்ணத்தை விட்டு நழுவுகிறதா என்பது. அது காதில் கேட்பதில்லை, கையில்தான் தெரியும்.

பிறந்த குழந்தை அழாமல் படுத்திருக்கும்போது, முழங்காலையும் இடுப்பையும் மடக்கி, கட்டைவிரலைத் தொடையின் உள்பக்கமும் நடுவிரலை வெளிப்பக்கம் துருத்தியிருக்கும் எலும்பின் மேலும் வைப்போம். தொடையை உள்பக்கமாகக் கொண்டுவந்து லேசாகப் பின்னால் அழுத்தினால் பந்து வெளியே நழுவுகிறதா என்று பார்ப்பது பார்லோ சோதனை. தொடையை வெளிப்பக்கமாக விரித்து, நடுவிரலால் மெல்லத் தூக்கும்போது, வெளியே இருக்கும் பந்து 'தடக்'கென்று கிண்ணத்துக்குள் ஏறுகிறதா என்று பார்ப்பது ஆர்ட்டோலானி சோதனை. ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் பார்ப்போம். தயவுசெய்து இதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். அந்தத் 'தடக்' தெரிந்தால் ஸ்கேனுக்காக வாரக்கணக்கில் காத்திருக்காமல், உடனே குழந்தைகளுக்கான எலும்பு மருத்துவரிடம் அனுப்பிவிடுவோம்.

ஆனால் கைக்குத் தெரியாமலும் குறை இருக்கலாம். வயிற்றில் கால் கீழாக இருந்ததால் சிசேரியனில் பிறந்த, முதல் பெண் குழந்தை ஒன்று. வலது இடுப்பில் சத்தம் கேட்கிறது என்றுதான் அழைத்து வந்தார்கள். சோதித்தபோது இரண்டு பக்கமும் உறுதியாகவே இருந்தன. ஆனால் கால் கீழாக இருந்த குழந்தை, அதிலும் பெண், அதிலும் தலைச்சன் என்பதால் ஆறாவது வாரம் அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொன்னேன். கிண்ணத்தின் ஆழத்தைக் காட்டும் ஆல்ஃபா கோணம் 60 டிகிரியோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். சத்தம் வந்த வலது பக்கம் 64, அது சரி. சத்தமே இல்லாத இடது பக்கம் 48. கிண்ணம் ஆழமில்லாமல் இருந்தது.

ஆறாவது வாரம் எதற்கு என்று கேட்பார்கள். பிறந்த புதிதில் மூட்டு எல்லோருக்குமே கொஞ்சம் தளர்வாக இருக்கும், பலருக்கு அது சில வாரங்களில் தானே இறுகிவிடும். சீக்கிரமே ஸ்கேன் எடுத்தால் தேவையில்லாத பயம்தான் மிஞ்சும். எக்ஸ்ரே எடுக்கலாமே என்றால், அந்த வயதில் பந்து வெறும் குருத்தெலும்பு, படத்தில் தெரியாது. நான்கு, ஆறு மாதத்துக்கு அப்புறம்தான் எக்ஸ்ரே உதவும்.

இனி துணி விஷயத்துக்கு வருகிறேன். குளிப்பாட்டி முடித்ததும் இரண்டு காலையும் நீட்டி, சேர்த்துவைத்து, பழைய வேட்டியில் இறுக்கிச் சுற்றுவது பல வீடுகளில் வழக்கம். இல்லாவிட்டால் கால் வளைந்துவிடும் என்று பாட்டிமார் சொல்வார்கள். அந்த வளைவு வயிற்றில் மடங்கிக் கிடந்ததால் வந்தது. நடக்கப் பழகிய பிறகு, இரண்டு வயது வாக்கில் தானே நேராகும். ஆனால் மாதக்கணக்கில் மடங்கியிருந்த தொடையை நீட்டி வைத்துக் கட்டினால், தசைகள் பந்தைக் கிண்ணத்தின் விளிம்பை நோக்கி இழுக்கின்றன. பந்து நடுவில் உட்கார்ந்து அழுத்தினால்தான் கிண்ணம் ஆழமாக வளரும். ஜப்பானில் 1975 வாக்கில் காலை நீட்டிக் கட்டாதீர்கள் என்று நாடு முழுக்கப் பிரசாரம் செய்தார்கள். முன்பு ஆயிரத்துக்குப் பத்துக்கும் மேல் இருந்த இடுப்பு விலகல், இரண்டுக்கும் கீழே இறங்கியது.

துணி சுற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கையையும் மார்பையும் மூச்சுக்கு இடைஞ்சல் இல்லாமல் சுற்றுங்கள், இடுப்புக்குக் கீழே பை மாதிரி தளர்வாக விடுங்கள். சுற்றி முடித்ததும் பாருங்கள்: குழந்தை முழங்காலை மேலே மடக்கி இரண்டு பக்கமும் விரிக்க முடிந்தால் சரி. கொஞ்சம் வளர்ந்து தலை நின்றதும், காலை இருபுறமும் போட்டு இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ளும் நம் வழக்கம் இந்த மூட்டுக்கு நல்லதுதான்.

மூன்று மாதத்துக்கு மேல் தசைகள் இறுகிவிடுவதால் அந்த இரண்டு சோதனைகளும் ஏமாற்றிவிடும். அப்போது டயபர் மாற்றும் நீங்கள்தான் முதலில் கண்டுபிடிப்பீர்கள்: ஒரு தொடை மற்றதைப் போல விரியாது, அல்லது காலை மடக்கிவைத்தால் ஒரு முழங்கால் தாழ்ந்து தெரியும். இரண்டு பக்கமும் விலகியிருந்தால் வித்தியாசமே தெரியாது. அதனால் இரண்டுமே சரியாக விரியவில்லை என்றாலும் காட்டுங்கள்.

அந்தக் குழந்தைக்குப் பாவ்லிக் வார்ப்பட்டை போட்டோம். தோளிலிருந்து பாதம் வரை மென்மையான பட்டைகள். கால் மடங்கி விரிந்தே இருக்கும், ஆனால் உதைக்க முடியும். அதிகமாக விரித்தால் பந்துக்கு ரத்த ஓட்டம் தடைபடும் என்பதால், பட்டையின் நீளத்தை மருத்துவர்தான் மாற்ற வேண்டும், வீட்டில் இழுத்துக் கட்டக்கூடாது. மூன்று மாதம் ஆவதற்குள் கோணம் 61 ஆனது. பட்டையைப் படிப்படியாகக் கழற்றினோம். ஆறாவது மாத எக்ஸ்ரேயும் நன்றாக இருந்தது. நடக்க ஆரம்பித்ததும் மறுபடி பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அப்புறம், இவளுக்குத் தம்பியோ தங்கையோ பிறந்தால், தலை கீழாகப் பிறந்தாலும் சரி, ஆறாவது வாரம் அந்தக் குழந்தைக்கும் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று அவள் குறிப்பேட்டிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.